ஷாட் மாறியதும் அக்காவின் முகம் தங்கைக்குப் போகிறது, ஆளை எப்படிப் பிரித்து வைப்பது?

வெட்டுமேசை:
70 நிமிட ஆவணப்படம். அக்கா, தங்கை என்று இரண்டு பெண்கள் பேசுகிறார்கள். பாதுகாப்புக்காக இருவர் முகத்தையும் மாற்ற வேண்டும், எழுத்தில் ஒப்புதல் வாங்கியாயிற்று, ஆளுக்கு ஒரு மாற்று நடிகை. முன்பக்கம் தெரியும் ஷாட்களில் எல்லாம் சரியாக வருகிறது. கட் ஆகி பக்கவாட்டு ஷாட் வந்தால், ஒரே ஷாட்டுக்குள்ளேயே சில பிரேம் அக்காவின் மாற்று, சில பிரேம் தங்கையின் மாற்று என்று தாவுகிறது. ஒவ்வொரு பிரேமிலும் ஆர்க்ஃபேஸ் எம்பெடிங் எடுத்து, ஆளுக்கு ஒன்றாக வைத்திருக்கும் முன்பக்கப் படத்தோடு ஒப்பிடுகிறேன். எங்கே பிடிப்பது?

நைட்ரெண்டர்:
திரெஷோல்டை ஏற்றுங்கள். ஒற்றுமை 0.5க்கு மேல் வந்தால் மட்டும் மாற்றச் சொல்லுங்கள், தாவல் நின்றுவிடும். எனக்கு நின்றது.

பழைய எடிட்டர்:
தாவல் நிற்கும், ஆனால் 0.5க்குக் கீழே போகிற பிரேமில் அந்தப் பெண்ணின் உண்மை முகம் அப்படியே திரையில் வரும். அடையாளத்தை மறைக்கிற படத்தில் ஒரு பிரேம் வந்தாலே போதும், நிறுத்திப் பார்த்துவிடுவார்கள். இங்கே திரெஷோல்டைத் தொடவே வேண்டாம்.

வெட்டுமேசை, ஒரு பக்கவாட்டு ஷாட்டை எடுத்து இரண்டு பேரோடும் வரும் எண்களைப் போடுங்கள்.

வெட்டுமேசை:
அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிப் பேசும் ஷாட். அக்காவின் படத்தோடு 0.31, தங்கையின் படத்தோடு 0.34. அடுத்த பிரேமில் 0.33, 0.30. இப்படியே மாறி மாறி.

பழைய எடிட்டர்:
அதுதான் காரணம். முகம் முழுக்கத் திரும்பிவிட்டால் எம்பெடிங்கில் ஆளைப் பற்றிய தகவல் குறைந்துவிடும், கூடப் பிறந்தவர்கள் என்றால் இன்னும் மோசம். அந்த 0.03 வித்தியாசத்தை நம்பி பிரேமுக்குப் பிரேம் முடிவெடுக்கக் கூடாது. முடிவை டிராக் அளவில் எடுங்கள்.

முதலில் கட்களைப் பிரியுங்கள்:

```
scenedetect -i film.mp4 detect-adaptive list-scenes
```

ஒவ்வொரு ஷாட்டுக்குள்ளும் முகப் பெட்டிகளைப் பிரேமுக்குப் பிரேம் கோத்து டிராக் ஆக்குங்கள். கட்டைத் தாண்டி டிராக் போகவே கூடாது. தாண்டினால், கட்டுக்கு முன்னால் அக்கா இருந்த இடத்தில் பின்னால் தங்கை உட்கார்ந்திருப்பாள், டிராக்கர் இரண்டையும் ஒரே ஆள் என்று ஒட்டிவிடும். டிசால்வ் வரும் இடங்களைக் கண்ணால் பாருங்கள், அங்கே கட் கண்டுபிடிப்பான் தவறவிடும்.

அப்புறம் ஒரு டிராக்கில் நன்றாகத் தெரிகிற முகங்களை மட்டும் எடுத்துச் சராசரி:

```python
e = np.array([f.normed_embedding for f in track
              if f.det_score > 0.7 and abs(f.pose[1]) < 30])
c = e.mean(axis=0)
c /= np.linalg.norm(c)
```

இந்த cஐ இருவரின் படத்தோடும் ஒப்பிட்டு டிராக்குக்குப் பெயர் வையுங்கள். அக்கா அந்த ஷாட்டில் ஒரு தடவை கேமரா பக்கம் திரும்பினால் போதும், அந்தச் சில பிரேம்கள் டிராக் முழுவதற்கும் பெயர் கொடுத்துவிடும். ஒரு முகம்கூட இதில் தேறாத டிராக்கைத் தனியே ஒதுக்குங்கள். மற்ற டிராக்குகளுக்குப் பெயர் கிடைத்தபின், அதே பெயரில் உள்ள பக்கவாட்டு முகங்களையும் ஆதாரப் படங்களாகச் சேர்த்து ஒதுக்கியவற்றை மறுபடி ஒப்பிடலாம். முன்பக்கப் படம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பக்கவாட்டு முகத்தை அடையாளம் காணச் சொல்வதுதான் சிக்கலே.

இன்னொன்று, ஒரே பிரேமில் சேர்ந்து தெரியும் இரண்டு டிராக்குகள் ஒரே ஆளாக இருக்க முடியாது. இந்த ஒரு விதியைப் போட்டாலே இருவரும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் ஷாட்கள் பெரும்பாலும் தானே சரியாகும், ஒருவரை உறுதியாகத் தெரிந்தால் மற்றவர் யார் என்று முடிவாகிவிடும். கண்ணாடி வரும் ஷாட்டை மட்டும் இதில் சேர்க்காதீர்கள்.

கல்யாணக்கேமரா:
எனக்கும் இதே பிரச்சினைதான் அண்ணா, கல்யாண வீடியோவில் மாற்றிய முகத்தின் ஓரம் நடுங்குகிறது, நிறமும் ஒட்டவில்லை. ஆர்க்ஃபேஸை மாற்றினால் சரியாகுமா?

பழைய எடிட்டர்:
இல்லை தம்பி, உங்களுக்கு ஆள் மாறவில்லை. அது மாஸ்க் ஓரமும் நிறப் பொருத்தமும், தனி இழை போடுங்கள், பார்க்கலாம்.

வெட்டுமேசை:
டிராக் முறையில் ஓட்டினேன். ஜன்னல் ஷாட்டின் கடைசியில் அக்கா ஒரு நொடி நேராகப் பார்க்கிறார், அங்கே 0.62 கிடைத்து முழு ஷாட்டும் அக்காவுக்கே போனது. தாவல் போயிற்று. ஆனால் கை முகத்தை மறைக்கும்போது டிராக் அறுந்து, மூன்று நான்கு பிரேம் வெறுமையாக இருக்கிறது.

பழைய எடிட்டர்:
டிராக்கின் இரண்டு துண்டுகளும் ஒரே ஆள் என்றால் நடுவில் பெட்டியின் இடத்தை இரு பக்கமிருந்தும் கணக்கிட்டு நிரப்புங்கள். அந்தப் பிரேம்களில் முகமாற்றம் சரியாக உட்காராது, அங்கே மங்கலாக்கி விடுங்கள், அழகாக இராது, பரவாயில்லை. பெயர் கிடைக்காத டிராக்குக்கும் மங்கல்தான், எதையும் மறைக்காமல் விடாதீர்கள்.

நைட்ரெண்டர்:
மிச்சமுள்ள டிராக்குகளை எண்களோடு மல்லுக்கட்டாமல் டிராக்குக்கு ஒரு சிறுபடம் என்று கோப்புறையில் கொட்டிக் கையால் பிரித்துவிடலாமே? 70 நிமிடப் படத்துக்கு அது பெரிய வேலை இல்லை.

பழைய எடிட்டர்:
அதைச் செய்யத்தான் வேண்டும். முடிந்தால் படப்பிடிப்பில் இருந்தவரே பிரிக்கட்டும், உடை, உட்கார்ந்த இடம் எல்லாம் அவருக்குத் தெரியும்.

வெட்டுமேசை:
நானே பிரிக்கிறேன். இன்னும் ஒன்று நிற்கிறது: சமையலறை ஷாட்டில் முகம் மிகச் சிறியது, 40 பிக்சல்கூட இல்லை, இருவரும் அந்த வீட்டில் ஒரே மாதிரி நைட்டிதான் போட்டிருக்கிறார்கள், ஒலியும் இல்லை. அது யார் என்று எனக்கே தெரியவில்லை.

பழைய எடிட்டர்:
112 பிக்சலுக்கு இழுத்துப் பெரிதாக்கித்தான் ஆர்க்ஃபேஸுக்குப் போகும், 40ல் இல்லாத விவரம் அதில் வந்துவிடாது. அந்தப் பெண்களிடமே காட்டிக் கேட்க முடியுமா?