பஹோய்ஹோய், ஆஆ: தமிழில் என்ன பெயர்?

சாரதா:
எரிமலை நூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். அதில் லாவா என்னும் எரிமலைக் குழம்பின் இரு வகைகள் வருகின்றன. வழவழப்பான பஹோய்ஹோய்க்கு ‘மென்குழம்பு’, கரடுமுரடான ஆஆவுக்கு ‘வன்குழம்பு’ என்று வைத்திருக்கிறேன். பொருந்துமா?

இளங்கோவன்:
மென், வன் வேண்டாம். வேறுபாடு சூட்டில்தான் இருக்கிறது. சூடான குழம்பு வழவழவென்று பரவும், ஆறியது கரடாகும். ‘வெங்குழம்பு’, ‘ஆறுகுழம்பு’ என்றால் காரணமும் பெயரிலேயே வந்துவிடும்.

மலர்விழி:
ஐயா சொல்வது பாதி சரி. ஆற ஆறப் படிகங்கள் பெருகிக் குழம்பு தடிக்கும். ஆனால் சூடு மட்டும் முடிவு செய்வதில்லை. ஹவாயின் கிலவேயா எரிமலையில் சமதளத்தில் பஹோய்ஹோயாக வந்த குழம்பு, செங்குத்துச் சரிவில் இறங்கும்போது ஆஆவாகிவிடுவது உண்டு. சூடு பெரிதாகக் குறைந்திருக்காது, வேகம்தான் கூடியிருக்கும்.

மேலே படியும் ஆடையைக் கவனியுங்கள். குழம்பு மெதுவாக நகர்ந்தால் ஆடை நெளிந்து கொடுக்கும். கிழிந்தாலும் உள்ளிருந்து கசிவது கிழிசலை மூடிவிடும். வேகமாக இழுபட்டால் ஒரு கிழிசல் மூடுவதற்குள் அடுத்தது விழும். கிழிந்த துண்டுகள் முள்முள்ளான சரளையாகி முன்விளிம்பில் உருண்டு விழ, பின்னால் வரும் குழம்பு அவற்றின்மேல் ஏறிப் போகும். அதனால்தான் ஆஆவை வெட்டிப் பார்த்தால் மேலும் கீழும் சரளை, நடுவில் கெட்டிப் பாறை. என் பரிந்துரை: ‘ஆடைக்குழம்பு’, ‘கிழிகுழம்பு’.

ஜெயராஜ்:
கயிறு திரித்தாற்போல் நெளிந்திருக்கும் பஹோய்ஹோயை ‘கயிற்றுக்குழம்பு’ என்றே சொல்லலாமே? ஒரு படக்குறிப்பில் கயிறுகளின் வளைவைப் பார்த்து, முழு ஓட்டமும் அந்தத் திசையில்தான் போனது என்று எழுதினேன். பிறகு திருத்த வேண்டியதாயிற்று. அது ஏன் என்று இன்றுவரை விளங்கவில்லை.

மலர்விழி:
நடு வேகமாகவும் ஓரம் மெதுவாகவும் போவதால் அந்த நெளிவு முன்னோக்கி வளைகிறது. ஆனால் அது நாக்குப்போல் நீண்ட அந்தச் சிறு ஓட்டம் போன திசை. பக்கவாட்டில் கசிந்த நாக்காக இருந்தால் பெரிய ஓட்டம் வேறு பக்கம் போயிருக்கும். மேலும், எல்லாப் பஹோய்ஹோயிலும் கயிறு இருக்காது, ஆடை இருக்கும்.

இளங்கோவன்:
ஏற்கிறேன். அப்படியானால் லாவா டியூபுக்கு?

மலர்விழி:
‘குழம்புப்புழை’. ஓடும் குழம்பின் மேல் ஆடை தடித்துக் கூரையாகிறது. கூரை சூட்டைக் காப்பதால், புழைக்குள் ஓடுவது கிலோமீட்டருக்குச் சுமார் 1 பாகைதான் இழக்கிறது. வரத்து நின்று குழம்பு வடிந்தால் வெற்றுப்புழை மிஞ்சும். ஹவாயின் கசுமுரா புழை 65 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது.

சாரதா:
புழை அருமை, எடுத்துக்கொள்கிறேன். ஆடைக்குழம்பில்தான் இடறுகிறேன். என் நூலில் ஒரு படம்: வழவழப்பான ஆடை பலகை பலகையாக உடைந்து சாய்ந்து கிடக்கிறது. ஆடையும் இருக்கிறது, கிழிந்தும் இருக்கிறது. இது எதில் சேரும்?

மலர்விழி:
அது நடுநிலை. பலகையின் உடைந்த விளிம்பில் குமிழ்களைப் பாருங்கள். உருண்டையாக இருந்தால் ஆடைக்குழம்பின் பக்கம், இழுபட்டுக் கோணியிருந்தால் கிழிகுழம்பின் பக்கம். ஆனால் ‘பலகைக்குழம்பு’ என்று மூன்றாவது பெயர் வேண்டுமா என்பதில் எனக்கே இன்னும் தெளிவில்லை.