சமர்ப்பிக்கும் முன் பெயர் வரிசையைப் பற்றி எப்படிக் கேட்பது?

மூன்றாம்வருடம்: எங்கள் ஆய்வுக் கட்டுரை வரைவின் ஆசிரியர் பட்டியலில் என் பெயர் இரண்டாவதாக இருக்கிறது. சோதனைகளைச் செய்தவர் முதலில். தரவை முழுக்க அலசி, முறைகள், முடிவுகள் பகுதிகளை எழுதியது நான். சண்டையில்லாமல் மின்னஞ்சலில் எப்படிக் கேட்பது?

நேர்ப்பேச்சு: மின்னஞ்சலே வேண்டாம். எழுத்தில் வந்தாலே புகார் மாதிரி ஆகிவிடும். டீ குடிக்கும்போது பேசிவிடுங்கள்.

கமிட்எண்ணி: பேசினால் காற்றோடு போகும். எனக்கு அப்படித்தான் போனது. நிரல் களஞ்சியத்தில் ஒவ்வொரு மாற்றமும் ஒரு கமிட்டாகப் பதிவாகும். 240 கமிட்டில் 210 உங்களுடையது என்றால் அந்த எண்ணையே அனுப்புங்கள், வாய் அடைத்துவிடும்.

பழையகை: வாயை அடைத்தால் அடுத்த கட்டுரையை யாரோடு எழுதுவது? எழுத்துப்பிழை திருத்தியதும் ஒரு கமிட், முழு மாதிரியை மாற்றி எழுதியதும் ஒரு கமிட்தான். சோதனை செய்தவரின் ஆறு மாத உழைப்போ அதில் தெரியவே தெரியாது. ஆதாரம் வேண்டும், ஆனால் எண்ணிக்கையாக அல்ல.

நான் செய்வது இது. வழிகாட்டியிடம் முதலில் வாய்மொழியாக ஒரு வரி சொல்லிவிடுவேன், எல்லோர் முன்னும் அவர் திடுக்கிடக் கூடாது. பிறகு கட்டுரைக்கு யார் என்ன செய்தார்கள் என்று வகைப்படுத்தும் கிரெடிட் (CRediT) பட்டியலின் 14 பங்குகளையும் வைத்து ஒரு வெற்று அட்டவணை போட்டு எல்லோருக்கும் அனுப்புவேன்:

"கட்டுரையை அனுப்பும் முன் யார் எதைச் செய்தோம் என்று குறித்துவிடலாமா? வெள்ளிக்குள் அவரவர் பங்கை நிரப்புங்கள். எனக்கு முதல் ஆசிரியர் வரிசை பற்றி ஒரு கேள்வி இருக்கிறது. அட்டவணையைப் பார்த்துவிட்டு பேசலாம்."

கேள்வி இருப்பதை மறைக்க வேண்டாம். மறைத்தால் அட்டவணை பொறி மாதிரித் தெரியும்.

அகரவரிசை: இதற்கு ஏன் இத்தனை பாடு? பெயரின் முதல் எழுத்துப்படி போடுங்கள். கணிதத்தில் அப்படித்தான்.

பழையகை: உங்கள் துறையில் சரி. இவருடைய துறையில் முதல் இடத்துக்கு அர்த்தம் இருக்கிறதே.

கமிட்எண்ணி: அட்டவணை நிரம்பினால் வரிசை தானாக வந்துவிடுமா?

பழையகை: வராது. எந்தப் பங்குக்கு எடை அதிகம் என்று அது சொல்லாது, அதைப் பேசித்தான் ஆக வேண்டும். சமமாக நின்றால் இருவரும் சமபங்கு என்று அடிக்குறிப்பு போடலாம். ஆனால் இப்போதே பேசுங்கள். அனுப்பிய பிறகு வரிசையை மாற்றப் பொதுவாக எல்லா ஆசிரியர்களின் எழுத்துப்பூர்வச் சம்மதமும் கேட்பார்கள், இதழாசிரியரும் பஞ்சாயத்துக்கு வரமாட்டார்.

நேர்ப்பேச்சு: அப்போதும் முதலில் சோதனை செய்தவரிடம் தனியாகப் பேசுவதுதான் மரியாதை என்பேன்.

மூன்றாம்வருடம்: அட்டவணையை அனுப்பிவிட்டேன். கருத்துருவாக்கம் என்ற வரியில் சோதனை செய்தவர் தன் பெயரைப் போட்டிருக்கிறார். அந்த யோசனையைச் சொன்னது நான் என்று ஞாபகம். அன்று எழுதி வைக்கவில்லை.

பழையகை: அவர் பெயரை அழிக்கச் சொல்லாதீர்கள். ஒரு பங்கில் இருவர் இருக்கலாம். பக்கத்தில் உங்கள் பெயரையும் சேர்த்து, முதன்மை, சமம், துணை என்ற மூன்றில் எது பொருந்தும் என்று அவரையே கேளுங்கள்.