இல்லத்தரசி விபத்தில் இறந்தால்: இழப்பீட்டுக் கணக்கு நடுநிலையானதா?

சுந்தர், கரோல் பாக்: விபத்தில் இறந்தவர் ஆணா பெண்ணா என்று தீர்ப்பாயம் பார்ப்பதே இல்லை. வருமானம், வயது, அவரை நம்பியிருந்தவர்கள் எத்தனை பேர், அவ்வளவுதான் கணக்கு. இதில் ஆண் பார்வை எங்கே இருக்கிறது?

மீனாட்சி, வழக்கறிஞர், சாகேத்: கணக்கின் முதல் வரியிலேயே இருக்கிறது சார். 'வருமானம்' என்று தொடங்கும்போதே சம்பளச் சீட்டு வைத்திருப்பவரைத்தான் மனத்தில் வைத்திருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் பழைய இரண்டாம் அட்டவணையில், சம்பாதிக்காத மனைவிக்குக் கணவருடைய வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று இருந்தது. கணவர் மாதம் 30,000 வாங்கினால் அவளுடைய உழைப்பு 10,000, பக்கத்து வீட்டுக்காரர் 60,000 வாங்கினால் அங்கே அதே சமையலும் துவையலும் 20,000. அந்த எண்ணுக்கும் அவள் செய்த வேலைக்கும் என்ன சம்பந்தம்?

சுந்தர்: அது பழைய கதை. 2021இல் கீர்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றமே சரிசெய்துவிட்டதே.

மீனாட்சி: பாதி சரி. அது நம் டெல்லி விபத்து வழக்குதான். பெண்கள் ஒரு நாளில் 299 நிமிடம் கூலியில்லாத வீட்டுவேலை செய்கிறார்கள், ஆண்கள் 97 நிமிடம் என்ற அரசுக் கணக்கெடுப்பை நீதிபதி ரமணா அதில் எடுத்துச் சொன்னார். எதிர்கால வருமான உயர்வையும் சேர்க்க வேண்டும் என்று முடிவானது. ஆனால் மாத மதிப்பை இப்படித்தான் போட வேண்டும் என்று ஒரே வழியைக் கட்டாயமாக்கவில்லை. இங்கே பெரும்பாலும் படிப்பைப் பார்த்துக் குறைந்தபட்சக் கூலியை எடுக்கிறார்கள். 34 வயது, கணவர், இரண்டு குழந்தைகள், மாதம் 15,000 என்று வையுங்கள். ஆண்டுக்கு 1,80,000, அதோடு எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டினால் 2,52,000. அவளுடைய சொந்தச் செலவு என்று மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 1,68,000, அதை அவள் வயதுக்குரிய பெருக்கெண்ணான 16ஆல் பெருக்கினால் 26,88,000. அந்தக் கழிவைக் கவனியுங்கள், கையில் வாங்காத சம்பளத்திலிருந்து அவள் தனக்காகச் செலவழித்ததாகக் கழிக்கிறார்கள்!

ராஜி, மயூர் விஹார்: என் அண்ணி வழக்கில் குறுக்கு விசாரணையில் "மனைவி என்ன வேலை பார்த்தார்?" என்று கேட்டார்கள். அண்ணன் "சும்மா வீட்டில்தான் இருந்தாள்" என்று சொல்லிவிட்டான், அது அப்படியே பதிவாகிவிட்டது. படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவைத் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, ராத்திரி இரண்டு தடவை எழுந்து பார்த்ததெல்லாம் அவள்தான். இப்போது அதற்கு மட்டும் ஆள் வைத்து மாதா மாதம் சம்பளம் கொடுக்கிறோம்.

மீனாட்சி: அந்தச் சம்பள ரசீதுகளைத் தாக்கல் செய்தீர்களா? வழக்கு முடியவில்லை என்றால் அம்மாவின் மருத்துவச் சான்றோடு உடனே கேளுங்கள்.

பிரசாந்த், துவாரகா: ஆள்கூலியை வைத்து மதிப்பிட்டாலும் தீராதே. சமையல், பராமரிப்பு வேலைக்குச் சந்தையில் கூலி குறைவாக இருப்பதே, அதைப் பெண்கள் வீட்டில் இலவசமாகச் செய்வதால்தான். வேலைக்குப் போகிற பெண் இறந்தால் பெரும்பாலும் சம்பளத்தை மட்டும் எண்ணுகிறார்கள், அவள் வீட்டில் செய்த வேலை கணக்கிலேயே வருவதில்லை.

சுந்தர்: அந்தக் கடைசி விஷயம் நியாயம். ஆனால் வருமானத்தை விட்டுவிட்டால் நீதிபதிக்கு நீதிபதி தொகை மாறும், காப்பீட்டு நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் மேல்முறையீடு போகும்.

மீனாட்சி: இப்போது மட்டும் போகாமலா இருக்கிறார்கள்?