கல்யாணப் படத்தில் தாத்தா கையில் இருப்பது என்ன குழல்?

மலர்_77: அவசரம். பழைய படம், தவில்காரர் ஒருவர், குழல் ஊதுகிறவர்கள் இரண்டு பேர். வலப்பக்கம் இருப்பவர் என் தாத்தா. அவர் கையில் இருப்பது என்ன வாத்தியம்? நாளைக்குள் ஃபிரேம் கடைக்குப் பெயர் எழுதித் தர வேண்டும்.

குமார்: படம் எங்கே? எந்த ஊர், எந்த வருஷம்?

மலர்_77: மன்னிக்கவும், சேர்த்துவிட்டேன். மாயவரம் பக்கம், 1940களாக இருக்கலாம்.

செல்வம்: நீளமாக இருப்பதால் பாரி நாதஸ்வரம். பக்கத்தில் இருப்பவருடையது கொஞ்சம் குட்டை, அது திமிரி. சந்தேகமே வேண்டாம்.

பழையவன்: சுருதியில் திமிரி நாலு கட்டைக்கு மேல் பேசும், பாரி இரண்டு, இரண்டரை. இரண்டையும் சேர்த்து ஊதினால் கல்யாண வீட்டில் யார் உட்காருவார்கள்? இதையெல்லாம் தெரிந்துகொண்டு பதில் எழுதலாம். அப்புறம், அது நாதஸ்வரம் அல்ல, நாகஸ்வரம்.

செல்வம்: கல்யாணப் பத்திரிகையிலேயே நாதஸ்வரம் என்றுதான் போடுகிறார்கள் ஐயா.

பழையவன்: பத்திரிகையில் போட்டால் சரியாகிவிடுமா?

ரேவதி: எங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஒன்று இருக்கிறது, ஒரு முழம்தான். முகவீணை என்றார்கள். அதுவாக இருக்குமோ?

தவில்வீடு: முகவீணை இவ்வளவு நீளம் வராது அம்மா. குழலை விடுங்கள், கையைப் பாருங்கள். இடப்பக்கத்தவர் விரல்கள் வரிசையாகத் துளைகள்மேல் இருக்கின்றன. தாத்தா குழலைப் பிடித்திருக்கிறார், அவ்வளவுதான். கன்னம் மட்டும் உப்பியிருக்கிறது. இது ஒத்து. நாயனக்காரருக்கு ஆதார சுருதி கொடுக்கிற குழல், ராகம் வாசிக்க விரல் துளை கிடையாது. மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே, கன்னத்தில் தேக்கிய காற்றால் இடைவிடாமல் ஒரே சுரத்தை ஊத வேண்டும். பிறகு சுருதிப்பெட்டி வந்தது, ஒத்துக்காரர் போய்விட்டார்.

குமார்: ஆனால் பெரிதாக்கிப் பார்த்தால் அடிப்பக்கம் இரண்டு துளை தெரிகிறதே?

தவில்வீடு: அவை சுருதி சேர்க்க. மெழுகால் அடைத்தும் திறந்தும் சரிசெய்வார்கள். விரல் போகிற இடத்தில், மேலே, துளை இருக்கிறதா பாருங்கள். படம் மங்கல், எனக்குத் தெரியவில்லை. கை வைத்திருக்கும் விதத்தை வைத்துத்தான் சொல்கிறேன்.

செல்வம்: போட்டோவுக்காக விரலை எடுத்திருக்கலாமே?

பழையவன்: அப்படியானால் கன்னம் ஏன் உப்பியிருக்கிறது?

மலர்_77: ஒத்து ஊதுகிறவன் என்று ஊரில் கேலியாகச் சொல்வார்களே, அது இதிலிருந்தா?

தவில்வீடு: இதிலிருந்துதான். கேலி செய்கிறவர்களை ஐந்து நிமிஷம் ஊதச் சொல்லுங்கள்.

மலர்_77: அத்தையிடம் கேட்டேன். “சித்தப்பா வாசிப்பார், அப்பா கூட நிற்பார்” என்றார். ‘ஒத்து’ என்றே எழுதக் கொடுத்துவிட்டேன். நன்றி.

செல்வம்: நாதஸ்வரம் என்ற சொல்லுக்கு ஆதாரம் தேடிக்கொண்டிருக்கிறேன், நாளைக்கு வருகிறேன்.