கலைச்சொல்: "இறந்த விசை"க்கு வேறு சொல் தேவை

மாலதி, புதுச்சேரி

வணக்கம் நண்பர்களே,

எங்கள் அலுவலகத்தில் பிரெஞ்சில் மின்னஞ்சல் எழுதுகிறவர்களுக்காக ஒரு தமிழ்க் கையேடு தயாரித்துக்கொண்டிருக்கிறேன். எல்லோரிடமும் இருப்பது சாதாரண ஆங்கில விசைப்பலகை. விண்டோஸில் United States-International என்ற அமைப்பைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். அதில் ' விசையைத் தட்டினால் திரையில் ஒன்றும் வராது. அடுத்து e தட்டினால் é வரும், c தட்டினால் ç வரும், Shift-உடன் E தட்டினால் É வரும்.

இந்த "டெட் கீ"யை என் வரைவில் "இறந்த விசை" என்று எழுதியிருந்தேன். பிரெஞ்சிலும் செத்த விசை என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் போன வாரம் ஒருவர் வந்து "மேடம், அந்த விசை செத்துப்போச்சு" என்று சொல்லி வேறு விசைப்பலகை வாங்கிப் போனார். அதிலும் அதே கதை. அவர் அனுப்பவிருந்த மின்னஞ்சலைத் திறந்து பார்த்தேன்:

```
Cést dáccord, jái reçu le dossier.
```

அவர் எழுத நினைத்தது `C'est d'accord, j'ai reçu`. ' தட்டியதும் ஒன்றும் தெரியாததால், விசை வேலை செய்யவில்லை என்று அடுத்த எழுத்துக்குப் போய்விட்டார். குறி போய் அந்த எழுத்தின் தலையில் ஏறிக்கொண்டது. நடுவில் ஒருமுறை இடைவெளி விசையைத் தட்டியிருந்தால் ' தனியாக நின்றிருக்கும். விசை சாகவில்லை, அடுத்த தட்டலை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. அதைச் சொல்லும் ஒரு சொல் வேண்டும்.

கார்த்திக், கோவை

"ஒட்டுக்குறி விசை" என்று வைக்கலாமே? எந்தக் குறியை ஒட்டுகிறதோ அந்தப் பெயரையும் முன்னால் சேர்த்துக்கொள்ளலாம். நான் லினக்ஸில்தான் எழுதுகிறேன், அங்கேயும் ' அடித்து c அடித்தால் ç வருகிறது. எல்லா இடத்திலும் ஒரே முறைதான்.

நூர்ஜஹான், சென்னை

எல்லா இடத்திலும் ஒரே முறை இல்லை கார்த்திக். லினக்ஸில் மொழி ஆங்கிலமாக இருந்தால் பல செயலிகளில் அதே இரண்டு தட்டலுக்கு ć வரும். அது போலிஷ் எழுத்து. குறி மேலே இருக்கிறதா, கீழே வாலாகத் தொங்குகிறதா என்று பாருங்கள். சிறிய எழுத்துருவில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், `garćon` என்று அப்படியே போய்விடும். உங்கள் கணினியின் மொழி பிரெஞ்சாக இருக்கலாம், அப்போது சில செயலிகள் அதை ç ஆக மாற்றிக் கொடுக்கும். வலப்பக்க Alt-ஐப் பிடித்துக்கொண்டு காற்புள்ளியைத் தட்டினால், இந்தச் சிக்கல் இல்லாமல் நேராக ç வரும். Shift-ஐயும் சேர்த்தால் Ç.

உங்கள் சொல்லுக்கும் இதுவே இடிக்கிறது. ' விசை é-யில் மேல்கோடு போடுகிறது, ç-யில் கீழ்வால் போடுகிறது. குறியின் பெயரை விசைக்கு வைத்தால் பாதி நேரம் பொய்யாகிவிடும்.

யோகன், பாரிஸ்

ஏன் இவ்வளவு கஷ்டப்படுகிறீர்கள்? பிரெஞ்சு விசைப்பலகை ஒன்று வாங்கினால் சரி. é, è, ç, à எல்லாம் அதில் தனி விசையாகவே இருக்கும். பெரிய எழுத்துகளுக்குக் குறி தேவையே இல்லை, இங்கே பாதிப்பேர் Etat என்றுதான் எழுதுகிறார்கள்.

œ-க்கு மட்டும் Alt-ஐப் பிடித்துக்கொண்டு 156 அடிக்கச் சொன்னார்கள். தங்கச்சியைப் பற்றி அப்படி அடித்து அனுப்பிய கடிதத்தில் `ma s£ur` என்று போய்விட்டது. இன்றைக்கும் காரணம் தெரியவில்லை.

நூர்ஜஹான், சென்னை

யோகன் அண்ணா, முன்னால் ஒரு சுழியம் விட்டுப்போயிருக்கிறது. சுழியம் இல்லாத எண்களை விண்டோஸ் பழைய டாஸ் காலப் பட்டியலில் தேடும். அங்கே 156 பவுண்டு. அந்தப் பட்டியலில் œ கிடையவே கிடையாது. சுழியத்தோடு அடித்தால் வேறு பட்டியல்:

```
Alt+0156  œ
Alt+0140  Œ
```

எண்களை வலப்பக்க எண்பலகையில்தான் அடிக்க வேண்டும், மேல் வரிசை எண்களுக்கு இது வேலை செய்யாது.

பெரிய எழுத்து விஷயத்தில் பழக்கம் நீங்கள் சொல்வதுதான், ஆனால் விதி அது இல்லை. பெரிய எழுத்திலும் குறி எழுத்தின் பகுதியே என்று பிரெஞ்சு அகாதெமி தெளிவாகச் சொல்கிறது. `UN INTERNE TUE` என்று தலைப்பு வந்தால் பயிற்சி மருத்துவர் ஒருவர் கொலை செய்கிறார் என்று பொருள். `UN INTERNÉ TUÉ` என்றால் மனநல விடுதியில் அடைக்கப்பட்டவர் கொல்லப்பட்டார். பழக்கம் அப்படி ஆனதற்கு நீங்கள் வாங்கச் சொல்லும் அந்த விசைப்பலகையும் ஒரு காரணம். அதில் é-க்கு விசை உண்டு, É-க்கு இல்லை.

சண்முகம், விழுப்புரம்

மாலதி அம்மா, இந்தச் சொல் கணினியில் பிறந்தது இல்லை. நான் முப்பது வருடம் தட்டச்சு சொல்லிக்கொடுத்தவன். தமிழ் இயந்திரத்தில் "ம்" அடிக்க முதலில் புள்ளி விசையைத் தட்டுவோம். தாளில் புள்ளி விழும், வண்டி மட்டும் நகராது. அடுத்து "ம" தட்டினால் அது புள்ளிக்கு நேர் கீழே விழும், பிறகுதான் வண்டி ஒரு இடம் நகரும். பிரெஞ்சு இயந்திரத்தில் ^ குறிக்கும் இதே ஏற்பாடு. வண்டியை நகர்த்தாத விசை என்பதால்தான் அதைச் செத்தது என்றார்கள். நாங்கள் "நகரா விசை" என்போம். ஏற்கெனவே இருக்கிற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள்.

மாலதி, புதுச்சேரி

ஐயா, சொல் அழகாக இருக்கிறது, வரலாறும் சேர்ந்தே வருகிறது. ஆனால் உங்கள் இயந்திரத்தில் புள்ளி தாளில் விழுந்ததைக் கண்ணால் பார்க்கலாம். விண்டோஸில் ஒன்றுமே தெரிவதில்லை. தவிர, Shift தட்டினாலும் திரையில் எதுவும் நகராது. அதையும் நகரா விசை என்று எடுத்துக்கொள்வார்களே?

Shift குழப்பம் எங்களிடம் நிஜமாகவே இருக்கிறது. É வேண்டுமென்று Shift-ஐ முதலிலிருந்தே பிடித்துக்கொள்கிறார்கள். ' அப்போது " ஆகிவிடும், É-க்குப் பதில் Ë வரும். `ËTAT` என்று இரண்டு புள்ளியோடு கண்டால் காரணம் இதுதான். ' தட்டி, கையை எடுத்து, அப்புறம்தான் Shift-உடன் E.

சண்முகம், விழுப்புரம்

Shift-ஐப் பிடித்துக்கொண்டிருந்தால்தான் பலன், இதைத் தட்டிவிட்டுக் கையை எடுத்துவிடலாம். வித்தியாசம் அதுதானே? அதைக் கையேட்டில் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். சொல்லை மாற்ற வேண்டாம்.

கார்த்திக், கோவை

கையை எடுத்த பிறகும் பாக்கி நிற்கிறது என்றால் "நிலுவை விசை"? சிறிய சொல், எல்லோருக்கும் தெரிந்ததும்கூட.

நூர்ஜஹான், நீங்கள் சொன்னது சரி. என் கணினியின் மொழி பிரெஞ்சாகத்தான் இருக்கிறது.

நூர்ஜஹான், சென்னை

நிலுவை என்றால் எனக்கு வீட்டு வரிதான் ஞாபகம் வருகிறது. "காத்திருப்பு விசை" என்பதே என் விருப்பம். மேக்கில் Option-உடன் e தட்டினால் ´ குறி திரையிலேயே தெரிந்தபடி நிற்கும், அடுத்த எழுத்து வந்ததும் அதோடு சேரும். அங்கேயும் இந்தச் சொல் பொருந்துகிறது. அவுட்லுக்கில் Ctrl, Shift, & மூன்றையும் சேர்த்துத் தட்டிவிட்டு o தட்டினால் œ வருமே, அதற்கும் பொருந்தும்.

மாலதி, புதுச்சேரி

அவுட்லுக் வழி எனக்குப் புதிது, நன்றி. எங்கள் மடிக்கணினிகளில் எண்பலகை இல்லாததால் œ-க்கு என்ன செய்வது என்று தவித்துக்கொண்டிருந்தேன். அந்த அமைப்பில் œ-க்கு விசையே கிடையாது. இப்போதே தட்டிப் பார்த்தேன், `sœur` சரியாக வந்தது.

இப்போதைக்குக் கையேட்டில் "காத்திருப்பு விசை" என்று போடுகிறேன், முதல் முறை வரும் இடத்தில் ஐயாவின் "நகரா விசை"யையும் சேர்த்து. முதல் பயிற்சி `l'été`. l, ', இடைவெளி, ', e, t, ', e என்று எட்டுத் தட்டல். இடைவெளியை விட்டுவிட்டால் `l''eté` என்று வரும், எங்கே தவறினார்கள் என்று அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

œ போன்றவற்றைக் "கூட்டெழுத்து" என்று எழுதியிருக்கிறேன். க்ஷ, ஸ்ரீ-க்குச் சொல்லும் சொல் இதற்குச் சரிவருமா?

சண்முகம், விழுப்புரம்

வராது. க்ஷ-வில் இரண்டு மெய் சேர்கிறது, இது இரண்டு உயிர். இதற்குத் தனி இழை தொடங்குங்கள். நகரா விசையை நான் இன்னும் விடவில்லை.