புதுப்பிப்பு: செஸ் ஸ்கிரீன்ஷாட்டும் தலைகீழ் ஃபென்னும்

என் பழைய கேள்வி: "செஸ் ஸ்கிரீன்ஷாட்டை ஒரு செயலியால் ஃபென், அதாவது காய் நிலையை ஒரே வரியில் எழுதும் குறியீடு, ஆக்கி ஸ்டாக்ஃபிஷ் செஸ் மென்பொருளில் போட்டால் வெள்ளைக்கு வெற்றி என்கிறது. இந்திராநகரில் என்னோடு ஆடுபவர்கள் டிரா என்கிறார்கள். எது சரி?"

விஷயம் பிடிபட்டது. படத்தை அனுப்பியவர் கறுப்பில் ஆடியவர், அதனால் பலகை அவர் பக்கமிருந்து தெரிகிறது. ஓரத்து எழுத்துகள் வெட்டுப்பட்டதால் செயலி இடது மேல் மூலையை a8 என்றே எடுத்துக்கொண்டது, உண்மையில் அது h1.

தம்பி ஒருவர் ஃபென்னில் வரும் `w`-வை `b` ஆக்கினால் போதும் என்றார். அது யார் நகர்த்தும் முறை என்பதை மட்டும்தான் மாற்றும், பலகை திரும்பாது. முருகேசன் அண்ணாதான் காய்ப் பகுதியை அப்படியே கடைசியிலிருந்து முதலுக்கு எழுதச் சொன்னார்:

```
8/8/8/3P4/3K4/8/3k4/8
8/4k3/8/4K3/4P3/8/8/8 w - - 0 1
```

மேலே செயலி தந்தது, கீழே திருப்பியது. முதலாவதில் சிப்பாய் தடையில்லாமல் ஓடிவிடும், இரண்டாவதில் கறுப்பு ராஜா குறுக்கே நிற்கிறார்.

அப்புறம் அந்த `w`: திருப்பிய நிலையில் வெள்ளை நகர்த்தும் முறையென்றால் டிரா, கறுப்பு முறையென்றால் வெள்ளைக்கு வெற்றி. கடைசி நகர்வை நிறமிட்டுக் காட்டும் கட்டம் படத்தில் இல்லை, அனுப்பியவரைக் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.