நீர் ஏறும்போது ஒரு கோணம், இறங்கும்போது ஒரு கோணம்: தமிழில் என்ன பெயர் வைப்பது?

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஆசிரியை எழுதுவது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அறிவியல் கழகத்துக்குத் தமிழில் ஒரு செய்முறைக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். உள்விட்டம் 0.5 மில்லிமீட்டர் உள்ள கண்ணாடி நுண்புழைக் குழாயை நீரில் நிறுத்தி, நீர் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று அளந்தோம். அறையின் வெப்பநிலை 30 பாகை. அந்த வெப்பநிலையில் நீரின் பரப்பு இழுவிசையை மீட்டருக்கு 0.0712 நியூட்டன் என்றும், நீரின் விளிம்பு கண்ணாடிச் சுவரோடு உண்டாக்கும் சேர்கோணத்தைச் சுழி என்றும் கொண்டு, h = 2γ cosθ / ρgr என்ற வாய்பாட்டில் இட்டால் ஏறக்குறைய 58 மில்லிமீட்டர் வர வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது 41.

குழாய் அடைத்திருக்குமோ என்று எண்ணி, அதை நீருக்குள் ஆழமாக அமிழ்த்தி, உள்ளே மட்டம் நன்றாக மேலே சென்ற பிறகு மெல்ல உயர்த்தினேன். இறங்கி வந்த நீர் 56 மில்லிமீட்டரில் நின்றுவிட்டது. அதே குழாய், அதே நீர். கணக்கைத் திருப்பிப் போட்டால் முதல் முறை சேர்கோணம் 45 பாகை, இரண்டாம் முறை சுமார் 16 பாகை. பாடநூல்களில் சேர்கோணம் என்று ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது. இந்த இரண்டையும் ஏறுகோணம், இறங்குகோணம் என்று எழுதலாமா?

கோலாலம்பூர், ஓய்வுபெற்ற பொறியாளர்:

அம்மா, புதிய சொல் தேவையில்லை என்பது என் கருத்து. தூய நீருக்கும் கண்ணாடிக்கும் சேர்கோணம் சுழிதான்; நாங்கள் படித்த காலத்திலிருந்து அப்படித்தான். உங்கள் நீரில் ஏதோ கலந்து பரப்பு இழுவிசை குறைந்திருக்கிறது. பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி மிஞ்சியிருந்தாலும் போதும், உயரம் பாதியாகிவிடும். இன்னொன்று, நீரை மேலே தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம். அதைக் குறிப்பில் சொல்லாமல் விட்டால் மாணவர்கள் குழம்புவார்கள்.

பெட்டாலிங் ஜெயா, பரப்பு வேதியியல் ஆய்வகத்தில் வேலை:

ஐயா சொல்வதில் பாதி சரி. சோப்பு கலந்தால் உயரம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் இங்கே நடந்தது அதுவன்று என்பதை அந்த 56 என்ற எண்ணே காட்டிக்கொடுக்கிறது. பரப்பு இழுவிசை குறைந்திருந்தால் நீர் ஏறி நின்றாலும் இறங்கி நின்றாலும் உயரம் குறைவாகவே இருந்திருக்கும். இறங்கி வரும்போது கிட்டத்தட்ட முழு உயரமும் கிடைத்திருப்பதால் நீரில் குறையில்லை. குழாயின் உட்சுவரில்தான் குறை. விரலின் எண்ணெய்ப்பசையோ, அலமாரியில் கிடந்தபோது படிந்த அழுக்கோ திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும். காய்ந்த சுவரில் முன்னேறும் நீரின் விளிம்பு அந்தத் திட்டுகளில் சிக்கி நிற்கிறது. ஏற்கெனவே நனைந்த சுவரிலிருந்து பின்வாங்கும் விளிம்போ நல்ல கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு விட மறுக்கிறது.

காற்றழுத்தம் பற்றி: கண்ணாடி நீரை ஈர்ப்பதால் நீரின் மேற்பரப்பு நடுவில் குழிந்து பிறைபோல வளைகிறது. வளைந்த பரப்பு இழுவிசையோடு விறைத்து நிற்பதால், அதற்குச் சற்றுக் கீழே உள்ள நீரில் அழுத்தம் மேலே உள்ளதைவிடக் குறைந்துவிடுகிறது. அந்தக் குறைவை நீர்க்கம்பத்தின் எடை ஈடுகட்டும் வரை நீர் ஏறுகிறது. ஆசிரியையின் குழாயில் கோணம் சுழியாக இருந்தால் இந்தக் குறைவு ஏறக்குறைய 570 பாஸ்கல், அதாவது காற்றழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. காற்றை முழுவதும் நீக்கினாலும் நீர் ஏறும் என்பதால், காற்றைக் காரணமாகச் சொல்லாமல் வளைவைக் காரணமாகச் சொல்வதே நேர்மை.

பெயருக்கு வருகிறேன். ஏறுகோணம் வேண்டாம். கணக்குப் பாடத்தில் ஏற்றக் கோணம், இறக்கக் கோணம் என்ற சொற்கள் முன்பே இருக்கின்றன. மாணவர்கள் கோபுரத்தின் உச்சியைப் பார்க்கப் போய்விடுவார்கள். அதைவிடப் பெரிய இடர் வேறு. மழையில் பேருந்துக் கண்ணாடியில் வழியும் துளியைப் பாருங்கள். கீழ் விளிம்பு புடைத்துச் செங்குத்தாகவும், மேல் விளிம்பு படுத்து மெலிந்தும் இருக்கும். அங்கே கீழே இறங்குகிற விளிம்பில்தான் உங்கள் "ஏறுகோணம்" இருக்கிறது. திசை முக்கியமில்லை, காய்ந்த பரப்பை நீர் பிடிக்கிறதா, நனைந்த பரப்பைக் கைவிடுகிறதா என்பதே முக்கியம். முன்னேறு கோணம், பின்வாங்கு கோணம் என்பது என் முன்மொழிவு.

ஜார்ஜ் டவுன், கடைவீட்டுக்காரர்:

நானும் இதைத்தான் கேட்க நினைத்தேன். எங்கள் பழைய கடைவீட்டின் சுவரில் இடுப்பு உயரம் வரை ஈரம் ஏறிச் சுண்ணாம்பு உதிர்கிறது. மேஸ்திரி சிமெண்டு பூசச் சொல்கிறார். இந்தக் கோணத்தை மாற்றினால் ஈரம் நிற்குமா?

பெட்டாலிங் ஜெயா:

அக்கா, இங்கே பெயரைத்தான் பேசுகிறோம் என்றாலும் கேள்வி நல்ல கேள்வி. செங்கல்லில் ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள துளை இருந்தால், அதே வாய்பாடு 14 மீட்டருக்கு மேல் ஏறும் என்று சொல்லும். இடுப்பளவில் நிற்பதற்குக் காரணம் கோணமன்று. ஏறுகிற நீர் வழியிலேயே சுவரிலிருந்து ஆவியாகிவிடுகிறது. சிமெண்டு பூசினால் ஆவி வெளியேற வழி குறைந்து ஈரம் இன்னும் மேலே போகும். பழைய சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே ஏற்றது.

பிரிக்ஃபீல்ட்ஸ், மொழிபெயர்ப்பாளர்:

எங்கள் வீட்டில் யாழ்ப்பாணத்துப் புத்தகங்களே புழங்கியதால் எனக்கு இது தொடுகைக் கோணம். நுண்புழை எனக்கு மயிர்த்துளை. அதை இங்கே வழக்காட வரவில்லை. ஆனால் "முன்னேறு கோணம்" என்றால் கோணமே முன்னேறுவதுபோல் ஒலிக்கிறது, முன்னேறுவது நீர்தானே? நனைகோணம், விடுகோணம் என்று வைத்தால் அண்ணன் சொன்ன பொருள் சொல்லிலேயே வந்துவிடும். சுவரை நனைக்கும்போது உள்ளது நனைகோணம், விடும்போது உள்ளது விடுகோணம்.

புக்கிட் மெர்தாஜாம்:

குழாயை நீர்த்த எரிசோடாக் கரைசலில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரால் பலமுறை அலசி, ஈரத்தோடே மறுபடி நிறுத்தினேன். ஏறியபோது 57, அமிழ்த்தி உயர்த்தியபோதும் 57. பொறியாளர் ஐயா சொன்ன சுழி, தூய கண்ணாடிக்குப் பொருந்துகிறது என்று குறிப்பில் சேர்த்துவிட்டேன். நனைகோணம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மாணவர் ஒருவர், "45 பாகையில் நிற்கும் நீரும் நனைக்கிறது, 16 பாகையில் நிற்கும் நீரும் நனைக்கிறது, ஒன்றை மட்டும் எப்படி நனைகோணம் என்பது?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

பெட்டாலிங் ஜெயா:

ஈரத்தோடே நிறுத்தினால் இரண்டு அளவும் நனைந்த சுவரின் அளவாகிவிடும், கவனியுங்கள். உலர்த்திவிட்டு ஒருமுறை பாருங்கள். மாணவர் கேட்டது நியாயம். ஆகவே நான் இன்னும் முன்னேறு கோணத்திலேயே நிற்கிறேன். இரண்டுக்கும் இடையிலுள்ள 29 பாகை வேறுபாட்டுக்காவது, காந்தவியலில் உள்ள "தயக்கம்" என்ற சொல்லை எடுத்துச் சேர்கோணத் தயக்கம் என்று சொல்லலாம் அல்லவா?

பிரிக்ஃபீல்ட்ஸ்:

தயங்குபவர் சற்று நேரத்தில் நடந்துவிடுவார், அண்ணே. ஆசிரியையின் நீர் அரை மணி நேரம் விட்டுவைத்தால் 41-இலிருந்து நகருமா?

புக்கிட் மெர்தாஜாம்:

அன்றே விட்டுவைத்துப் பார்த்தேன். இடைவேளை முடிந்து வந்தபோதும் 41-தான். குழாயின் மேல் முனையை விரலால் தட்டியபோது மட்டும் 44-க்குத் தாவியது.